சுருள் ஓடுகிறதா?

பென்டாக்ஸ் கே1000, 1976 முதல் 1997 வரை தயாரிப்பில் இருந்த 35 மி.மீ. பிலிம் கேமரா. உள்ளிருக்கும் லைட் மீட்டரைத் தவிர எதற்கும் மின்சாரம் தேவைப்படாததால் பழைய கேமராக்களில் இன்றும் அதிகம் கைமாறுகிறது. பிலிமைக் கழுவிய பிறகுதான் தவறு தெரியும் என்பது இந்த வகைக் கேமராக்களின் சங்கடம். அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளங்களும் கேமராவிலேயே உண்டு.

இடப்பக்கம் மேலே உள்ள ரீவைண்ட் குமிழைத் தூக்கினால் பின்கதவு திறக்கும். நேர் வெயிலில் இதைச் செய்யக்கூடாது. பிலிம் டப்பாவை இடது குழியில் வைத்து, குமிழை மீண்டும் அழுத்தி, நாக்குப்போல நீண்டிருக்கும் பிலிம் முனையை வலப்பக்க உருளையின் பிளவில் செருக வேண்டும். லீவரை ஒருமுறை இழுத்து, பிலிமின் மேல், கீழ் ஓரத் துளைகள் இரண்டும் பற்சக்கரத்தில் பொருந்தியதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடலாம். மூடியதும் குமிழை அம்புக்குறியின் திசையில் மெல்லச் சுற்றி, இறுக்கம் தட்டியதும் நிறுத்த வேண்டும்.

இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் ஓடவில்லை. படம் எண்ணும் கருவியை நம்புவதில் பயனில்லை; உள்ளே பிலிம் இல்லாவிட்டாலும் அது எண்ணிக்கொண்டே போகும். 36 படச் சுருளில் 40 தாண்டியும் லீவர் இலகுவாக நகர்ந்தால் முனை உருளையில் சிக்கவே இல்லை என்று சந்தேகிக்கலாம். கழுவிய நெகடிவ் வெறுமையாக இருந்து, ஓரத்தில் தயாரிப்பாளரின் எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தால், கழுவியவர் மேல் குற்றமில்லை. பிலிமில் வெளிச்சமே படவில்லை என்று பொருள்.

நேர்மாறான சிக்கல், லீவர் பாதியில் நின்றுபோவது. பெரும்பாலும் சுருள் முடிந்திருக்கும். பலத்தைக் காட்டினால் துளைகள் கிழியும், அல்லது பிலிம் டப்பாவிலிருந்தே பிய்ந்து வரும். அடிப்பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்திய பிறகே பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அதை மறப்பதுதான் துளைகள் கிழிய இன்னொரு காரணம். சுற்றும்போது எதிர்ப்பே இல்லை என்றால் பிலிம் பிய்ந்திருக்கலாம். அப்போது கேமராவைக் கும்மிருட்டில் மட்டுமே திறக்க வேண்டும்.

பின்கதவின் மேல், கீழ்ப் பள்ளங்களிலும் கீல் ஓரத்திலும் வெளிச்சம் புகாமலிருக்க நுரைப்பஞ்சு ஒட்டப்பட்டிருக்கும். காற்றின் ஈரத்தால் அது பல ஆண்டுகளில் சிதைந்து, தார்போலப் பிசுபிசுக்கும் அல்லது பொடியாக உதிரும். பல்குத்தும் குச்சியால் தொட்டால் கறுப்பாக ஒட்டிக்கொண்டால் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது. கலர் படங்களில் இதன் தடயம், ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும் ஆரஞ்சு, சிவப்புத் தீற்றல். பின்புறமாக வரும் வெளிச்சம் சிவப்பைப் பதியும் அடுக்கை முதலில் தொடுவதால்தான் இந்த நிறம். பிலிமில் காட்சி தலைகீழாக விழுவதால், படத்தின் அடியில் தெரியும் தீற்றலுக்குக் கேமராவின் மேல் விளிம்பில்தான் ஓட்டையைத் தேட வேண்டும்.

பழைய பிசினை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பள்ளத்தின் அளவுக்கு வெட்டிய புதிய நுரையை ஒட்டலாம். துணியாலான ஷட்டர் திரையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கண்ணாடி மோதும் இடத்திலுள்ள நுரையும் இதேபோல் கெடும். ஆனால் கண்ணாடியைக் கீறாமல் அதை மாற்றுவது பழகிய கைகளின் வேலை.

லைட் மீட்டருக்கு ஒரே ஒரு எல்ஆர்44 பட்டன் பேட்டரி போதும். இதை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டுவைத்தால்தான் பேட்டரி வீணாகாது. முதலில் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணைக் குமிழில் வைக்க வேண்டும். பிறகு ஷட்டர் வேகத்தையோ லென்ஸ் துவாரத்தையோ மாற்ற, வ்யூஃபைண்டரின் வலப்பக்க முள் நடுவுக்கு வரும். உச்சிவெயிலில், 400 பிலிமுக்கு 1/500 வேகமும் துவார எண் 16-உம் வைத்தால் முள் ஏறக்குறைய நடுவில் நிற்க வேண்டும். வெகுதூரம் விலகினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

மீட்டர் தன் முன்னே உள்ள மொத்த வெளிச்சத்தையும் சராசரி சாம்பலாகவே கருதும். திண்ணையில் ஒருவர், பின்னால் பளிச்சென்ற வானம் என்று வைத்துக்கொள்வோம். 1/250 வேகத்தில் 11 என்று முள் சொல்லும். அப்படியே எடுத்தால் முகம் இருளும். அருகே போய் முகத்தால் மட்டும் சட்டகத்தை நிறைத்தால் அதே முள் 5.6 கேட்கும். அதை வைத்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பி, முள் மேலே ஏறி நின்றாலும் பொருட்படுத்தாமல் எடுக்க வேண்டும். வெள்ளைச் சுவர் சட்டகத்தை நிறைக்கும்போதும் மீட்டர் சொல்வதைவிட ஒரு படி கூடுதலாக வெளிச்சம் விட்டால்தான் சுவர் வெள்ளையாக வரும்.