நியூசிலாந்தின் ஓர் ஆண்டு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பொருளாதார முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு. பெயர்பெற்ற ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் தரவைக் கொண்டு கணக்கை மறுபடி போட்டு, அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் தேர்ந்தெடுத்தது, ஹார்வர்டைச் சேர்ந்த கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை.

அந்தக் கட்டுரையின் கேள்வி எளிது. அரசுக்குக் கடன் கூடினால் நாட்டின் வளர்ச்சி என்ன ஆகும்? 1946 முதல் 2009 வரை 20 வளர்ந்த நாடுகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டையும் அந்த ஆண்டின் கடன் அளவைப் பார்த்து நான்கு கூடைகளில் ஒன்றில் போட்டிருந்தார்கள். கடன், ஜிடிபியில் 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்த ஆண்டுகள் ஒரு கூடை. 30 முதல் 60 வரை ஒன்று. 60 முதல் 90 வரை ஒன்று. 90க்கு மேல் கடைசி. முதல் மூன்று கூடைகளிலும் சராசரி வளர்ச்சி 2.8 முதல் 4.1 சதவீதம் வரை. கடைசிக் கூடையில் மட்டும் அது பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1க்கு இறங்கியது.

உலக நிதி நெருக்கடிக்குப் பின் அரசுகள் கடனில் தவித்த நேரம் அது. 90 சதவீதம் என்பது தாண்டக் கூடாத கோடாகப் பேசப்பட்டது. பிரிட்டனில் அடுத்து நிதியமைச்சராக வரவிருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் இந்த ஆய்வாளர்களை மேற்கோள் காட்டினார். அமெரிக்காவில் பால் ரையன் தன் பட்ஜெட் திட்டத்தில் இந்தக் கட்டுரையைச் சேர்த்துக்கொண்டார். செலவைக் குறைப்பதற்கு ஆதாரம் தேடியவர்களுக்கு இதைவிட வசதியான எண் கிடைத்திருக்காது.

ஹெர்ன்டனுக்கு அந்த மைனஸ் 0.1 வரவே இல்லை. பொதுவில் கிடைத்த தரவை வைத்து எப்படிப் போட்டாலும் கடைசிக் கூடை நல்ல நேர்மறை எண்ணையே காட்டியது. மாணவர்தான் எங்கோ தவறியிருக்கிறார் என்று முதலில் அவரும் நினைத்தார், ஆசிரியர்களும் நினைத்தார்கள். பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷும் ராபர்ட் போலினும் மறுபடி பார்க்கச் சொன்னார்கள், விடை மாறவில்லை. ஒரு கட்டத்தில் ஹெர்ன்டன் கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். 2013 ஏப்ரலில் ரெய்ன்ஹார்ட் தாங்கள் பயன்படுத்திய எக்செல் தாளையே அனுப்பிவைத்தார். பின்னால் நடந்ததையெல்லாம் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்: அந்தத் தாள் கைக்கு வந்திராவிட்டால் எதுவும் வெளிப்பட்டிருக்காது.

தாளில் நாடுகள் ஆங்கில எழுத்து வரிசைக்குத் தலைகீழாக நின்றன. 30ஆம் வரிசையில் அமெரிக்கா, 49ஆம் வரிசையில் ஆஸ்திரேலியா. அடியில் சராசரி எடுக்கும் கட்டத்தைச் சொடுக்கினால் தெரிந்த சூத்திரம் இது:

```
=AVERAGE(L30:L44)
```

49 வரை போக வேண்டியது 44இல் நின்றுவிட்டது. டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா ஐந்தும் கணக்கில் இல்லை. தான் பார்ப்பது சரிதானா என்ற சந்தேகத்தில், ஹெர்ன்டன் தன் காதலியை அழைத்துத் திரையைக் காட்டினாராம்.

செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது இந்த ஐந்து வரிகளைத்தான். ஹார்வர்டு பேராசிரியர்கள் எக்செல்லில் சறுக்கினார்கள் என்றால் யாருக்கும் உடனே புரியும், சிரிக்கவும் முடியும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. கடைசிக் கூடைக்கு அவர்கள் எடுத்தவை ஏழு நாடுகள். ஒவ்வொன்றின் சராசரி வளர்ச்சி: கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, பிரிட்டன் 2.4, அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. கூட்டினால் மைனஸ் 0.5, ஏழால் வகுத்தால் அந்தப் புகழ்பெற்ற மைனஸ் 0.1.

விடுபட்ட ஐந்தில் ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் 90ஐத் தாண்டியதே இல்லை. ஆஸ்திரேலியாவும் கனடாவும் தாண்டிய ஆண்டுகள் வேறொரு காரணத்தால் தரவிலேயே சேர்க்கப்படவில்லை. ஆக, சூத்திரத் தவறால் உண்மையில் இழந்தது பெல்ஜியத்தை மட்டும்தான். அதன் 2.6ஐச் சேர்த்து எட்டால் வகுத்தால் சுமார் 0.3 வருகிறது. குறி மாறுகிறது; ஆனால் கடனால் வளர்ச்சி சரிகிறது என்ற முடிவு அப்படியே நிற்கும்.

இனி அந்த நியூசிலாந்தைப் பார்ப்போம். அங்கே கடன் 90ஐத் தாண்டியிருந்தது 1946 முதல் 1949 வரையிலும், பிறகு 1951இலும். இந்த ஐந்து ஆண்டுகளில் கட்டுரையில் இடம்பெற்றது 1951 மட்டுமே. துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாள் நீடித்த ஆண்டு அது. வளர்ச்சி மைனஸ் 7.6. அதைத் தாளில் ஏற்றியபோது மைனஸ் 7.9 என்று விழுந்துவிட்டது. சுத்தமான தட்டச்சுப் பிழை என்றால் இதுதான், அதன் விளைவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. விளைவு முழுவதும் அந்த எண்ணுக்குக் கொடுத்த எடையில் இருந்தது. நாட்டுக்கு ஒரு சராசரி என்று எடுத்து, எல்லா நாட்டுக்கும் சம எடை கொடுத்திருந்தார்கள். பிரிட்டன் 19 ஆண்டுகள் 90க்கு மேல் கடனை வைத்துக்கொண்டு 2.4 சதவீதம் வளர்ந்தது. நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டு அந்த 19 ஆண்டுகளுக்கும் சமமாக உட்கார்ந்தது.

விடுபட்ட நான்கு ஆண்டுகளையும் சேர்த்தால் நியூசிலாந்தின் சராசரி மைனஸிலிருந்து 2.6க்கு ஏறுகிறது. அதோடு ஆஸ்திரேலியாவின் 3.8, கனடாவின் 3.0, பெல்ஜியம் எல்லாம் சேர்ந்து பத்து நாடுகளானால், சம எடையிலேயே விடை 1.9. நாட்டுக்கு ஒன்று என்பதை விட்டு, 110 ஆண்டுகளையும் தனித்தனியாக எண்ணினால் 2.2. ஹெர்ன்டன், ஆஷ், போலின் மூவரும் 2013 ஏப்ரல் 15 அன்று வெளியிட்டது இந்த 2.2ஐத்தான். 60 முதல் 90 வரையிலான கூடைக்கு அவர்கள் கணக்கில் 3.2. இறக்கம் இருக்கிறது, பாதாளம் இல்லை.

ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் சூத்திரத் தவறை உடனே ஒப்புக்கொண்டார்கள். விடுபட்ட ஆண்டுகளின் தரவு அப்போது முழுமையாகச் சரிபார்க்கப்படவில்லை என்றும், சம எடை கொடுப்பது ஏற்கத்தக்க முறைதான் என்றும் வாதாடினார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. கிரீஸின் 19 ஆண்டுகளும் பெல்ஜியத்தின் 25 ஆண்டுகளும் ஒன்றுக்கொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவதிலும் சிக்கல் இருக்கிறது. ஆனால் ஒரே ஆண்டை ஒரு நாட்டின் சாட்சியாக ஏற்றது எனக்கு அதைவிடப் பலவீனமாகத் தெரிகிறது. கடைசிக் கூடையின் நடு மதிப்பு 1.6 என்று அவர்களின் சொந்தக் கட்டுரையே சொல்லியிருந்தது. நடு மதிப்பும் சராசரியும் அவ்வளவு விலகி நின்றால், ஏதோ ஒரே ஒரு எண் சராசரியை இழுக்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். 

எந்த எடையில் போட்டாலும் தீராத கேள்வி ஒன்று பாக்கி. அமெரிக்காவின் மைனஸ் 2.0, போர் முடிந்து ஆயுத உற்பத்தி நின்ற 1946இன் சரிவைச் சுமந்து வருகிறது. அந்தச் சரிவுக்குக் கடன் காரணமல்ல. ஜிடிபி சுருங்கினால், புதிதாக ஒரு டாலர் வாங்காமலே கடன் விகிதம் கூடிவிடும். அதே ஏப்ரலில், அதே பல்கலைக்கழகத்தின் அரிந்தஜித் துபே இந்தத் தரவையே கால வரிசைப்படி பிரித்துப் பார்த்தார். கடன் விகிதம், அடுத்து வரும் ஆண்டுகளின் வளர்ச்சியைவிட, கடந்துபோன ஆண்டுகளின் வளர்ச்சியோடுதான் வலுவாகப் பொருந்தியது.