திரும்பி வரப்போகும் குர்திக்கு மார்ச் 31-இல் என்ன கணக்கு?

ஆன்லைனில் துணி விற்பவர்களுக்கு மார்ச் கடைசி வாரம் பரபரப்பான வாரம். ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று தள்ளுபடி போடுகிறார்கள். 31-ஆம் தேதி இரவு விற்பனைத் தொகையைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். ஆனால் அந்த வாரம் போய்ச் சேர்ந்த பொட்டலங்களில் பலவற்றை வாங்கியவர் இன்னும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார். ‘பிடிக்கவில்லையா, 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் வாபஸ்’ என்று கடைக்காரரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு இன்னும் அவருடையதாகவில்லை.

அந்தப் பங்கை விற்பனையில் சேர்க்கக் கூடாது, ‘ரீஃபண்ட் பொறுப்பு’ என்று கடன் பக்கத்தில் தனியே வைக்க வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 115. உலக அளவில் 2014 மே மாதம் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 15-ஐ ஒட்டி எழுதப்பட்ட இந்த விதி, இங்கே 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களுக்கும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கும் இது கட்டாயம். சிறிய நிறுவனங்கள் பின்பற்றும் பழைய தரநிலை 9-லும், ‘திருப்தி இல்லையேல் பணம் வாபஸ்’ என்று விற்றால் முன் அனுபவத்தை வைத்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம் என்ற குறிப்பு உண்டு. ஆகவே தப்பித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விதி இவ்வளவுதான். எத்தனை உருப்படி திரும்பி வரும் என்று மதிப்பிடுவதில்தான் ஆடிட்டரும் அக்கவுண்டன்டும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரிலிருந்து சொந்த இணையதளத்தில் குர்தி விற்கிறது. ஜிஎஸ்டி நீங்கலாக ஒரு குர்தி 1,000 ரூபாய், அடக்க விலை 600. வழக்கமாக வாரத்துக்கு 1,000 குர்தி போகும். மார்ச் 18 முதல் 24 வரை தள்ளுபடி அறிவித்ததில் 2,000 போனது, 25 முதல் 31 வரை 3,000 போனது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களையும் சேர்த்தால் நான்கு வாரத்தில் மொத்தம் 7,000. அதே நான்கு வாரத்தில் கிடங்குக்குத் திரும்பி வந்தவை 940.

அக்கவுண்டன்ட் கால்குலேட்டரை எடுக்கிறார். 940-ஐ 7,000-ஆல் வகுத்தால் சுமார் 13.4 சதவீதம். ‘7,000-க்கு 940 வரணும், 940-உம் வந்தாச்சு. இனி ஒதுக்க ஒன்றுமில்லை’ என்று ஏட்டை மூடுகிறார். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பாதைத் தவறு முதல் அடியிலேயே நடந்துவிட்டது. அந்த 940-இல் 300 குர்திகள் பிப்ரவரியிலும் மார்ச் முதல் மூன்று நாளிலும் போய்ச் சேர்ந்தவை. மறுபுறம், கடைசி வாரத்தில் போன 3,000-க்கு வரவேண்டிய ரிட்டர்ன் இன்னும் வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. மேலே ஒரு கூட்டத்தையும் கீழே வேறொரு கூட்டத்தையும் வைத்து வகுத்தால் வரும் விடை எதையும் சொல்லாது.

தள்ளுபடி முடிந்து ஏப்ரலில் விற்பனை வாரம் 1,000-க்கு இறங்கியதும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அந்த நான்கு வாரத்தில் போவது 4,000, திரும்பி வருவது 1,260. விகிதம் 31.5 சதவீதம்! வாடிக்கையாளரின் பழக்கம் கொஞ்சமும் மாறவில்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் நூற்றுக்கு இருபது பேர்தான் திருப்பி அனுப்பினார்கள். விற்பனை ஏறும்போது இந்த விகிதம் குறைத்துக் காட்டும், இறங்கும்போது கூட்டிக் காட்டும். மாதா மாதம் ரிட்டர்ன் விகிதம் இப்படி ஊஞ்சலாடினால், வாடிக்கையாளரைக் குறை சொல்வதற்கு முன் வகுத்த முறையைச் சந்தேகிக்க வேண்டும்.

சரியான வழி, ஒவ்வொரு வாரமும் டெலிவரியான குர்திகளைத் தனித் தனிக் கூட்டமாகப் பிரித்து, அந்தக் கூட்டத்தை மட்டும் கடைசிவரை பின்தொடர்வது. நம் நிறுவனம் ஓராண்டு பில்களையும் ரிட்டர்ன் பதிவேட்டையும் பொருத்திப் பார்த்ததில் ஒரு நடை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 குர்தி போனால், டெலிவரியான அதே வாரத்தில் 2 திரும்புகிறது. அடுத்த வாரம் 8, அதற்கடுத்த வாரம் மேலும் 8, நான்காவது வாரத்தில் கடைசி 2. அதற்குப் பிறகு எதுவும் வருவதில்லை. 15 நாள் கெடு என்றாலும் கெடு முடியும் நாளில் பதிவு செய்பவர்கள் உண்டு. கூரியர் ஆள் வந்து எடுத்து, கிடங்குக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகிவிடும். அந்த வால்தான் நான்காவது வாரம்.

இனி கணக்கு எளிது. மார்ச் 31 இரவில், கடைசி வாரத்து 3,000-க்கு நூற்றுக்கு 18 பாக்கி, அதாவது 540. அதற்கு முந்தைய வாரத்து 2,000-க்கு நூற்றுக்கு 10, அதாவது 200. அதற்கும் முந்தைய 1,000-க்கு நூற்றுக்கு 2, அதாவது 20. மொத்தம் 760 குர்திகள் இனிமேல்தான் திரும்பி வரும். ‘ஒன்றுமில்லை’ என்று அக்கவுண்டன்ட் மூடிய ஏட்டில் விடுபட்டது 7 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

இந்தத் தொகையை விற்பனையிலிருந்து கழித்து ரீஃபண்ட் பொறுப்பாகக் காட்ட வேண்டும். பணம் மட்டுமா போகிறது? குர்தியும் திரும்பி வருகிறதே. அதற்கு இன்னொரு பதிவு: திரும்பி வரும் சரக்கின் மீதான உரிமை, சொத்துப் பக்கத்தில். பலர் இங்கே அடக்க விலை 600-ஐ அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

கிடங்கில் ரிட்டர்ன் பிரிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் அது ஏன் தப்பு என்று புரியும். பொட்டலத்தைப் பிரிக்கும் பெண் முதலில் பார்ப்பது டேக் இருக்கிறதா என்று. அடுத்து கழுத்துப் பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார், பவுடர் கறை தெரியும். பிறகு அக்குள் பக்கம் முகர்ந்து பார்க்கிறார். சென்ட் வாசம் அடித்தால் ஒரு கல்யாண வீட்டைப் பார்த்துவிட்டு வந்த குர்தி என்று அர்த்தம். தேறியவை இஸ்திரிக்குப் போய், புதுக் கவரில் மடிந்து மீண்டும் ரேக் ஏறும். தேறாதவை மூலையில் ‘செகண்ட்ஸ்’ மூட்டைக்குப் போகும்.

இதற்கெல்லாம் செலவு உண்டு. திருப்பி எடுத்துவரும் கூரியர், இஸ்திரி, புதுக் கவர் எல்லாம் சேர்த்து உருப்படிக்கு 80 ரூபாய் என்று வைப்போம். பத்தில் ஒன்று செகண்ட்ஸாகி 200 ரூபாய்க்குத்தான் போகும் என்றால் அதில் 400 ரூபாய் நட்டம், பத்துக்கும் பங்கிட்டால் தலைக்கு 40. ஆக ஒரு குர்தியின் மீதான உரிமை 600 அல்ல, 480. அதை 760-ஆல் பெருக்கினால் 3,64,800 ரூபாய் சொத்து, அதே தொகைக்கு அடக்கச் செலவு குறைகிறது. விற்பனையில் 7,60,000 போய், செலவில் 3,64,800 குறைந்து, லாபத்தில் 3,95,200 ரூபாய் இறங்குகிறது. கடனையும் சொத்தையும் ஒன்றுக்கொன்று கழித்து மிச்சத்தை மட்டும் காட்டத் தரநிலை அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளருக்குத் தரவேண்டியது கறாரான முழுத் தொகை. வரப்போகும் குர்தி என்ன நிலையில் வரும் என்பதோ அனுமானம். இரண்டையும் தனித் தனியாகப் பார்த்தால்தான் படிப்பவருக்கு நிலைமை விளங்கும்.

மதிப்பீடு பிசகுவது பெரும்பாலும் ரிட்டர்ன் பதிவேட்டில் சேரக் கூடாதவை சேர்வதால்தான். வாசலில் வைத்தே ‘வேண்டாம்’ என்று அனுப்பிவிட்ட கேஷ் ஆன் டெலிவரி பொட்டலம் ரிட்டர்ன் அல்ல. அது கைமாறவே இல்லை, ஆகவே விற்பனையே ஆகவில்லை. அதை விற்பனையிலும் ஏற்றி ரிட்டர்னிலும் ஏற்றினால் விகிதம் கன்னாபின்னாவென்று வீங்கும். சைஸ் மாற்றுவதும் அப்படியே. மீடியத்தைக் கொடுத்து அதே விலைக்கு அதே குர்தியில் லார்ஜ் வாங்கினால், கணக்கைப் பொறுத்தவரை அது ரிட்டர்ன் இல்லை என்று தரநிலையே சொல்கிறது. துணி வியாபாரத்தில் சைஸ் மாற்றம் சாதாரணம் என்பதால், இதைப் பிரிக்காத பதிவேட்டை நம்பிப் பயனில்லை. அதேபோல, கூரியர் கையில் வழியில் இருக்கும் பொட்டலத்தை மார்ச் விற்பனையில் சேர்த்துவிட்டு அதற்கும் 20 சதவீதம் ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். ஒரு தப்பை இன்னொரு தப்பால் கால்வாசி சரிசெய்வது போன்றது அது.

நம் 20 சதவீதமும் கல்வெட்டு அல்ல. தள்ளுபடியில் ஆசைப்பட்டு இரண்டு மூன்றாக வாங்கியவர்கள் கூடுதலாகத் திருப்பி அனுப்பலாம். போன ஆண்டின் தள்ளுபடி வாரங்களைத் தனியே எடுத்துப் பார்த்து, அந்தக் கூட்டத்துக்கு 24 என்று வந்தால் இந்த ஆண்டின் கடைசி இரண்டு வாரத்துக்கும் அதையே போடுவதுதான் முறை. சந்தேகம் இருந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதிலும் விதிக்கு ஒரு கருத்து உண்டு: பின்னால் பெரிதாக வாபஸ் வாங்க நேராது என்று உறுதியாக நம்பக்கூடிய அளவுக்கு மட்டுமே வருவாயை ஏற்ற வேண்டும்.

ஆண்டுக் கணக்கைப் பொறுத்தவரை ஒரு சௌகரியம் இருக்கிறது. கணக்கில் கையெழுத்தாவது பெரும்பாலும் மே மாதத்திலோ அதற்குப் பிறகோதான். அதற்குள் மார்ச் குர்திகளின் கெடு முடிந்து, உண்மையில் எத்தனை வந்தன என்று பதிவேடே சொல்லிவிடும். 760-க்குப் பதில் 790 வந்திருந்தால் மார்ச் கணக்கிலேயே திருத்திக்கொள்ளலாம். விவரம் தெரிந்த ஆடிட்டர் முதலில் கேட்பதும் ஏப்ரல் ரிட்டர்ன் பதிவேட்டைத்தான். ஆனால் ஏப்ரலில் நிறுவனம் திடீரென்று கெடுவை 30 நாளாக நீட்டியதால் வந்த ரிட்டர்ன் வேறு கதை, அது மார்ச் 31-இல் இருந்த நிலைமை அல்ல. மாதக் கணக்கை மூன்றாம் தேதியே முடித்துக் கொடுப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் அடுத்த மாத வருவாயில் கூட்டியோ கழித்தோ சரிசெய்கிறார்கள். அந்த வித்தியாசம் மாதா மாதம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் சதவீதத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பழைய பதிவேடே இல்லாத புதுச் சரக்கு என்றால்? குர்தி விற்றவர் முதன்முறையாகக் குழந்தைகள் பட்டுப் பாவாடை போடுகிறார். குர்தியின் 20 சதவீதத்தை அதற்கு ஒட்டுப்போட முடியாது. ஒப்பிட வேறு சரக்கும் இல்லை, எத்தனை திரும்பும் என்று நம்பிக்கையோடு சொல்ல ஆதாரமும் இல்லை என்றால், வாங்கிய பணம் முழுவதும் ரீஃபண்ட் பொறுப்பாகவே கிடக்கும், பாவாடையின் மதிப்பும் சொத்துப் பக்கத்தில் நிற்கும். திரும்பிவிடும் அளவு ஓரளவு பிடிபடும்போதோ, திருப்பித் தரும் கெடு முடியும்போதோதான் அது விற்பனையாகும்.