வண்டி என்னுடையது, ஓட்டியது நானில்லை

லண்டனின் ஹாரோவில் குடியிருக்கும் ஒருவருக்குப் போலீஸிடமிருந்து தபால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மே 4ஆம் தேதி பிற்பகல், 30 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாத சாலையில் அவருடைய கார் 36 மைல் வேகத்தில் போனதைக் கேமரா பிடித்திருக்கிறது. அவரோ அந்த நேரத்தில் வேலையில் இருந்தார். காரை எடுத்துப் போனவர், கோவையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி.

கையில் கடிதம் கிடைத்ததும் எழுதத் தோன்றுவது இதுதான்: “அன்று வண்டியை நான் ஓட்டவில்லை. ஆகவே அபராதத்தை ரத்து செய்யுங்கள்.” சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் பிரிட்டனில் ஒரு வாகன உரிமையாளர் எழுதக் கூடியவற்றில் இதைவிட நஷ்டமான கடிதம் கிடையாது.

காரணம், வந்திருப்பது அபராதச் சீட்டே அல்ல. ஒரே உறைக்குள் இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, இந்த வேகத்துக்காக வழக்குப் போடக்கூடும் என்ற முன்னறிவிப்பு. மற்றொன்று ஒரு கேள்வி: அப்போது ஓட்டியது யார்? 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 172ஆவது பிரிவு, இந்தக் கேள்விக்கு 28 நாளுக்குள் பதில் சொல்லும் கடமையை, காரை யார் பெயரில் பதிவு செய்திருக்கிறதோ அவர்மேல் வைக்கிறது. “நானில்லை” என்பது அதற்கு அரைப் பதில்தான். யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம்.

அந்தத் தனிக் குற்றத்தின் விலையைப் பாருங்கள். 36 மைல் வேகத்தில் போனவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகளும். அண்மையில் போகாதவராக இருந்தால், கட்டணம் கட்டி வேகக் கட்டுப்பாடு பற்றிய வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் புள்ளி இல்லாமலே தப்பலாம். ஓட்டியவரைச் சொல்லாத உரிமையாளருக்கோ 6 புள்ளிகள், 1000 பவுண்டு வரை அபராதம். உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவராக இருந்தால் அந்த 6 புள்ளியிலேயே உரிமம் பறிபோகும். ஸ்டியரிங்கைத் தொடாதவர், தொட்டவரைவிட அதிகமாகத் தண்டனை வாங்குவது இப்படித்தான்.

இதில் அநியாயம் இருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. ‘என் வாயாலேயே என்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது மௌனம் காக்கும் உரிமைக்கு எதிரானது’ என்று இரண்டு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களில் ஒருவர், 1938ஆம் ஆண்டு ஆல்விஸ் காரை 30 மைல் சாலையில் 47 மைல் வேகத்தில் ஓட்டியதாகக் கேமராவில் பதிவானவர். பழைய கார்க்காரர்களுக்கு அவர்மேல் ஒரு பரிவு வரலாம். நீதிமன்றம் 2007இல் தீர்ப்புச் சொன்னது: சாலையில் கார் வைத்துக்கொள்பவர், அதனோடு வரும் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டவர்தான், உரிமை மீறல் எதுவும் இல்லை. அந்தக் கதவு அதோடு மூடிவிட்டது.

சரி, ஹாரோக்காரர் என்ன எழுத வேண்டும்? முதலில் தபாலோடு வந்த படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத படிவத்தைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கடிதம் என்பது அந்தப் படிவத்துக்குத் துணை. அதற்கு மாற்று அல்ல. அந்தக் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“நீங்கள் குறிப்பிட்ட நேரத்தில் காரை நான் ஓட்டவில்லை. ஓட்டியவர் என் தம்பி. அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, கோவை முகவரி, இந்திய ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றைப் படிவத்தில் தந்திருக்கிறேன். ஏப்ரல் 20 முதல் மே 15 வரை என் வீட்டில் தங்கியிருந்தார். விமானச் சீட்டு, உரிமம், அந்த நாட்களுக்கு அவர் பெயரில் எடுத்த காப்பீடு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.”

அவ்வளவுதான். கேமரா சரியாக வேலை செய்ததா, அந்தச் சாலையில் பலகை இருந்ததா என்ற வாதமெல்லாம் இதில் வேண்டாம். அவை ஓட்டியவர் எழுப்ப வேண்டியவை. நீங்கள் ஓட்டவில்லை என்றால் வேகத்தைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது.

விமானச் சீட்டு எதற்கு என்று கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர்மேல் பழியைப் போட்டுத் தப்புவது பலர் முயன்ற வழி என்பதால், அப்படிப்பட்ட பெயர் வந்தாலே போலீஸ் சான்று கேட்கும். பீட்டர்பரோவின் எம்.பி.யாக இருந்த ஃபியோனா ஒனசான்யாவின் கதை இங்கே நினைவுக்கு வரும். 2017 ஜூலையில் அவருடைய கார் 30 மைல் சாலையில் 41 மைல் வேகத்தில் போனது. திரும்பிப் போன படிவத்தில் ஓட்டியவராக இருந்தது வேறொருவர் பெயர். விசாரித்தால், அந்த ஆள் அப்போது ரஷ்யாவில் இருந்திருக்கிறார். நீதியின் போக்கைத் திருப்பியதாகக் குற்றம் நிரூபணமாகி, 2019 ஜனவரியில் அவருக்கு மூன்று மாதச் சிறை. பதவியும் போனது; வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயரும் நீக்கப்பட்டது. வேகத்துக்கு யாரும் அங்கே சிறைக்குப் போவதில்லை. படிவத்தில் பொய் எழுதியதற்குப் போகிறார்கள்.

காப்பீட்டை நான் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. தம்பி ஓட்டினார் என்று எழுதும்போதே, தம்பிக்குக் காரைக் கொடுத்தவர் நான் என்பதையும் எழுதிவிடுகிறோம். இந்திய உரிமத்தோடு வந்தவர் ஓராண்டு வரை அங்கே ஓட்டலாம். அதில் சிக்கல் இல்லை. ஆனால் காரின் காப்பீடு அவரையும் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால், காப்பீடில்லாதவரை ஓட்ட அனுமதித்ததாக உரிமையாளர் மேலேயே வழக்கு வரலாம்; அதற்கும் 6 முதல் 8 புள்ளி. அப்படிப்பட்டவர்கள் படிவத்தை அனுப்பும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அதற்காகப் பொய் எழுதலாமா என்ற யோசனை மட்டும் வேண்டாம், எம்.பி.க்கே பலிக்கவில்லை.

இன்னொரு நிலைமை நிஜமாகவே கடினமானது. கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு போன நீண்ட பயணத்தில், அந்த இடத்தில் ஓட்டியது யார் என்று இருவருக்குமே நினைவில்லை. இதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: நியாயமான முயற்சி செய்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காட்டினால் உரிமையாளர் குற்றவாளி அல்ல. காட்டும் பாரம் அவருடையது. “தெரியவில்லை” என்று ஒரு வரி எழுதினால் போதாது. படத்தைக் கேட்டுப் பார்த்தேன், பின்பக்கப் படம் என்பதால் முகம் தெரியவில்லை. பெட்ரோல் போட்ட நேரத்தை வங்கிக் கணக்கில் பார்த்தேன். இருவர் கைபேசியிலும் அழைப்புகளைப் பார்த்தேன். யார் எங்கே மாறினோம் என்று மனைவியிடம் கேட்டேன் என்று செய்ததையெல்லாம் எழுத வேண்டும். படம் கேட்டதால் 28 நாள் கெடு நீளாது என்பதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

உரிமையாளருக்குச் சாதகமான கெடு ஒன்றும் இருக்கிறது. முன்னறிவிப்பு, சம்பவ நாளைக் கணக்கில் சேர்க்காமல் 14 நாளுக்குள், பதிவுப் புத்தகத்தில் உள்ளவருக்கு வந்து சேர வேண்டும். நம் கணக்கில் மே 18. அதற்குப் பிறகு வந்தால் வேக வழக்கை எதிர்க்கலாம். ஆனால் ஓட்டியது யார் என்ற கேள்விக்கு அப்போதும் பதில் சொல்லியே ஆக வேண்டும். தம்பிக்குப் போகும் அடுத்த கடிதத்துக்கு இந்த 14 நாள் பொருந்தாது.

அனுப்பும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு, தபால் நிலையத்தில் அனுப்பியதற்கான சான்றுச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். இலவசமாகவே தருவார்கள். பதில் வரவில்லை என்று பின்னால் நீதிமன்ற அழைப்பாணை வந்தால், உரிமையாளர் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.