ஒத்ததிர்வுக்குச் சற்றுத் தள்ளி

வயர்லெஸ் சார்ஜர் பேடைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். உள்ளே கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றிய செம்புக் காயில் ஒன்று, அதன் அடியில் கறுப்பான ஃபெரைட் தகடு, ஓரத்தில் ஒரு சிறிய சர்க்யூட் போர்டு. அவ்வளவுதான். போனின் முதுகிலும் இதே போன்ற ஒரு காயில், இன்னும் மெல்லியதாக ஒட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும். கம்பி எதுவும் தொடாமல் ஐந்து வாட்டும் பதினைந்து வாட்டும் இந்த இடைவெளியைத் தாண்டிப் போகின்றன.

பள்ளிப் பாடத்தில் பரிமாற்று மின்தூண்டல் என்று படித்தோமே, அடிப்படை அதுவேதான். ஒரு காயிலில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் ஓடினால், அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலம் பக்கத்துக் காயிலை ஊடுருவினால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றிக் கண்டது இதைத்தான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் இரு சுருள்களையும் ஒரே இரும்பு உள்ளகம் கோத்திருக்கும். முதல் சுருளில் உண்டாகும் காந்தப் பாயம் ஏறக்குறைய முழுவதும் இரண்டாவதற்குப் போய்ச் சேரும். சார்ஜர் பேடில் அந்த வசதி இல்லை. பாயத்தில் ஒரு பகுதிதான் போனைப் பிடிக்கிறது. மிச்சம் காற்றிலேயே வளைந்து பேடுக்குத் திரும்பிவிடுகிறது.

எவ்வளவு பகுதி பிடிக்கிறது என்பதைப் பிணைப்பெண் என்ற ஓர் எண்ணால் சொல்வார்கள். முழுப் பிணைப்பு என்றால் 1. நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் அது 1ஐ ஒட்டியிருக்கும். போனும் பேடும் சரியாகப் பொருந்தியிருக்கும்போது சுமார் 0.4 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். உலகெங்கும் பெரும்பாலான போன்கள் பின்பற்றும் ‘சீ’ என்ற தரவிதியில் ஏ11 என்றொரு பேடு காயில் வகை இருக்கிறது. அகலம் சுமார் நாலரை சென்டிமீட்டர், மின்தூண்டல் எண் 6.3 மைக்ரோஹென்றி. போன் காயிலுக்கு 12 மைக்ரோஹென்றி, பிணைப்பு 0.4 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.4ஆல் பெருக்கினால் பரிமாற்று மின்தூண்டல் எண் கிடைக்கும்: சுமார் 3.5 மைக்ரோஹென்றி. பேடு காயிலில் 2 ஆம்பியர் ஓடுகிறது. போன் பக்கம் எத்தனை வோல்ட் வரும்?

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸிலேயே ஓட்டினால் வருவது வெறும் 2 மில்லிவோல்ட். ஒன்றுக்கும் உதவாது. காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்பதால், அதே 2 ஆம்பியரை விநாடிக்கு 1,30,000 முறை, அதாவது 130 கிலோஹெர்ட்ஸில், மாற்றினால் 5.7 வோல்ட் வந்துவிடுகிறது. பேடுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் செய்யும் முதல் வேலை இதுதான்: அடாப்டரிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை விநாடிக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திருப்பித் திருப்பிப் போடுவது.

5.7 வோல்ட் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. போனின் காயிலும் ஒரு காயில்தான். அதிவேகமாக மாறும் மின்னோட்டத்தை அது தானாகவே எதிர்க்கும். 130 கிலோஹெர்ட்ஸில் 12 மைக்ரோஹென்றி காட்டும் எதிர்ப்பு 9.8 ஓம். காயிலின் இரு முனைகளை நேராகச் சேர்த்துவிட்டால்கூட 5.7 வோல்ட்டால் 0.6 ஆம்பியரை எட்ட முடியாது. போனுக்கு 5 வாட் வேண்டுமென்றால் ஓர் ஆம்பியராவது தேவை.

இதற்கு மருந்து, காயிலுடன் தொடராக இணைத்த சிறிய கெபாசிட்டர். காயில் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும்; கெபாசிட்டர் அதை முந்த வைக்கும். இரண்டின் எதிர்ப்பும் நேர் எதிரான குறியுடையவை, ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஏதோ ஓர் அதிர்வெண்ணில் இரண்டும் சரிசமமாகி முற்றிலும் அடித்துப்போகும். அந்த அதிர்வெண்ணைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். ‘சீ’ தரவிதி இதைச் சுமார் 100 கிலோஹெர்ட்ஸில் வைக்கச் சொல்கிறது. நம் கணக்குக்கு 211 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் போன் பக்கம் அங்கே ஒத்ததிரும். அப்போது 130 கிலோஹெர்ட்ஸில் மிஞ்சும் எதிர்ப்பு 9.8 ஓமிலிருந்து 4 ஓமாக இறங்கிவிடும். போனின் சுமையையும் சேர்த்துப் பார்த்தால், அதே 5.7 வோல்ட்டில் இப்போது ஓர் ஆம்பியர் ஓடும்.

ஒத்ததிர்வு இல்லாத இடத்திலிருந்து ஆற்றலைக் கொண்டுவருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிணைப்பெண்ணையும் அது கூட்டுவதில்லை. காற்றில் வளைந்து வீணே திரும்பும் பாயம் போடும் முட்டுக்கட்டையை எடுத்துவிடுகிறது, அவ்வளவே. 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மரின் சோல்யாசிச் குழுவினர் இரண்டு மீட்டருக்கு அப்பால் 60 வாட் பல்பை எரியவைத்ததும் ஒத்ததிர்வை வைத்துத்தான். ஆனால் அது அரை மீட்டருக்கும் மேல் அகலமான பெரிய காயில்கள், இழப்பு மிகக் குறைந்த சுருள்கள், கிட்டத்தட்ட 10 மெகாஹெர்ட்ஸ் என்று தனி உலகம். அதைக் காட்டி மேசைப் பேடுக்கு விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

பேடின் பக்கமும் இப்படியே ஒரு கெபாசிட்டர் உண்டு. ஏ11 காயிலுக்கு 0.4 மைக்ரோஃபாரட். அதன் ஒத்ததிர்வும் 100 கிலோஹெர்ட்ஸ்தான். அப்படியானால் பேடை 100இலேயே ஓட்டலாமே? ஓட்டுவதில்லை. இந்த வகைப் பேடுகள் 110க்கும் 205க்கும் இடையில்தான் இயங்குகின்றன. வேண்டுமென்றே ஒத்ததிர்வைவிட்டு மேலே தள்ளி நிற்கின்றன. எனக்கு இந்தச் சாதனத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சத்தத்தைக் கூட்டக் குறைக்கக் குமிழ் இல்லாத ஒரு பழைய வால்வு ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் குமிழை மட்டும் திருகி, நிலையத்துக்குச் சற்று விலகினால் சத்தம் குறையும், நெருங்கினால் கூடும். பேடு திறனைக் கட்டுப்படுத்துவது அப்படித்தான். ஏ11 காயிலும் கெபாசிட்டரும் கழித்துக்கொண்ட பிறகு 205 கிலோஹெர்ட்ஸில் மிஞ்சும் எதிர்ப்பு 6 ஓமுக்குச் சற்று மேல், 175இல் 4.7 ஓம், 130இல் 2.1, 110இல் 0.7தான். அதிர்வெண்ணைக் கீழே இறக்க இறக்க மின்னோட்டம் ஏறும். 100ஐத் தாண்டிக் கீழே போய்விட்டால் கதை தலைகீழாகும்: இறக்கினால் மின்னோட்டம் குறையும், டிரான்சிஸ்டர்களும் கூடுதலாகச் சுடும். அதனால்தான் மேட்டின் ஒரே சரிவில் நிற்பது.

எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று தீர்மானிப்பது பேடு அல்ல, போன். பரிமாற்றம் என்றால் இரு வழியும் உண்டு. போன் காயிலில் ஓடும் மின்னோட்டமும் தன் பங்குக்குப் பேடு காயிலில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. போன் தன் சுமையைச் சட்டென்று கூட்டிக் குறைத்தால் அந்த அசைவு பேடின் மின்னோட்டத்தில் தெரியும். இதையே மொழியாக்கி, விநாடிக்கு 2,000 பிட் வேகத்தில் போன் செய்தி அனுப்புகிறது. புளூடூத் வேண்டாம், தனி ஆன்டெனாவும் வேண்டாம்.

போனை வைத்ததும் நடப்பது இது. பேடு 175 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறு துடிப்பு அனுப்பிக் காத்திருக்கும். அந்த மின்சாரத்திலேயே விழித்துக்கொள்ளும் போனின் சிப், எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று முதலில் சொல்லும். பிறகு தன் அடையாளத்தையும் தேவையையும் சொல்லும். சார்ஜ் ஏறத் தொடங்கியதும், விநாடிக்குச் சில முறை ஓர் எண் வந்துகொண்டே இருக்கும். கூட்டல் குறி வந்தால் இன்னும் வேண்டும், கழித்தல் குறி வந்தால் போதும், பூஜ்யம் என்றால் இப்படியே இரு. ஒன்றிரண்டு விநாடி எதுவும் வரவில்லை என்றால் போன் எடுக்கப்பட்டுவிட்டது என்று பேடு அணைத்துக்கொள்ளும். அமைதியான அறையில் சில பேடுகளிடம் காதை வைத்தால் விட்டுவிட்டு ஒரு மெல்லிய கீச்சொலி கேட்கும். செய்தி போகும்போது உள்ளே சில பீங்கான் கெபாசிட்டர்கள் அதிரும் ஒலி அது. பழுது அல்ல.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் போனைக் கோணலாக வைத்தால் வெளிப்படும். காயில்களின் நடுப்புள்ளிகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகி, பிணைப்பு 0.4இலிருந்து 0.2ஆகப் பாதியானது என்போம். அதே 2 ஆம்பியரில் போனுக்கு 2.8 வோல்ட்தான் கிடைக்கும். போன் விடாமல் “இன்னும், இன்னும்” என்று கேட்கும். பேடு அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டே போய் மின்னோட்டத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கும். செம்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பேடு காயிலின் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடு மேலே இருக்கும் போனுக்கு ஏறும். பேட்டரி சூடானதும் போன் சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் எழுந்து பார்த்தால் போன் சுட்டுக் கிடக்கும், சார்ஜோ பாதிதான் ஏறியிருக்கும். 110 கிலோஹெர்ட்ஸ் எல்லை வரை இறங்கியும் போதவில்லை என்றால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும்; திரையில் மின்னல் குறி வந்து வந்து போகும். பேடு கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போகுமுன் போனை அரை அங்குலம் மேலே கீழே நகர்த்திப் பார்ப்பது நல்லது. 2023இல் வந்த சீ2 தரவிதி காயிலைச் சுற்றி வட்டமாகக் காந்தங்களை வைத்து, போனைச் சரியான இடத்தில் ஒட்டவைப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இடையில் உலோகம் மாட்டிக்கொண்டால் நிலைமை வேறு. ஒரு ரூபாய் நாணயமோ, காரில் காந்த ஸ்டாண்டுக்காகக் கவருக்குள் சொருகிய இரும்புத் தகடோ இருந்தால், மாறும் காந்தப்புலம் அதற்குள்ளும் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். ஒரு வாட் போதும், சிறிய நாணயம் தொட முடியாத அளவுக்குச் சுடும். இதைக் கண்டுபிடிக்கப் பேடு வரவு செலவுக் கணக்குப் பார்க்கிறது. தான் அனுப்பியது எவ்வளவு, தன் காயிலில் இழந்தது எவ்வளவு, போன் பெற்றதாகச் சொல்வது எவ்வளவு. கணக்கில் வராமல் சில நூறு மில்லிவாட் காணாமல் போனால் பேடு நிறுத்திவிடும்; விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டும். மலிவான பேடுகளில் இந்தக் கணக்கு அத்தனை துல்லியமாக இருக்காது. கவருக்குள் இரும்புத் தகடு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட்டுத்தான் போனைப் பேடில் வைக்க வேண்டும்.