மேசையில் தட்டிக் காட்டுங்கள்

"நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று வருகிறவரிடம், எத்தனை காபி குடித்தீர்கள் என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதலில் மேசையைக் காட்டி, "அப்போது உங்கள் இதயம் எப்படி அடித்ததோ, அதே போல விரலால் தட்டிக் காட்டுங்கள்" என்பேன். ஒருவர் சீராக, வேகமாகத் தட்டுவார். இன்னொருவர் டொக், டொக் என்று தட்டிவந்து, சற்று நிறுத்தி, ஒரு பெரிய 'டொம்' வைப்பார். மூன்றாமவர் தாளமே பிடிபடாமல் கண்டபடி தட்டுவார். மூவரும் முந்தின நாள் ஒரே எனர்ஜி டிரிங்க் குடித்திருக்கலாம். ஆனால் மூவருக்கும் நடப்பது ஒன்றல்ல.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பொறியியல் படிக்கும் 21 வயது மாணவர். மறுநாள் தேர்வு. காலை 7 மணிக்கு விடுதியில் ஒரு ஃபில்டர் காபி, மாலை 4 மணிக்கு டீ. இரவு 9 மணிக்கும் பதினொன்றரைக்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க் ஒவ்வொன்று, ஒரு மணிக்கு இன்ஸ்டன்ட் காபி. இடையில் 10 மணிக்கு, நான்கு நாளாக விடாத இருமலுக்காக, அறைத்தோழன் கொடுத்த இருமல் மருந்து இரண்டு ஸ்பூன். ஒன்றரை மணிக்கு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தவருக்கு இதயம் காதுக்குள் அடிப்பது போலக் கேட்கிறது. நாடியை எண்ணினால் நிமிடத்துக்கு 112. நடுநடுவே ஒரு துடிப்பு தவறிப்போய், அடுத்தது நெஞ்சை உதைக்கிறது. கை லேசாக நடுங்குகிறது. மாரடைப்போ என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அவர் உடம்பில் அந்த நேரத்தில் எவ்வளவு கஃபீன் இருந்தது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. இந்திய விதிப்படி எனர்ஜி டிரிங்க்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆக, 250 மில்லியில் அதிகபட்சம் 75. எல்லாம் கூட்டினால் நம் மாணவர் அன்று உள்ளே அனுப்பியது ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதே வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 300 போதும் என்கிறது. அமெரிக்கா, ஐரோப்பாவில் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 வரை சரி என்கிறார்கள். மொத்தக் கணக்கு பயப்படும்படி இல்லை.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். காலைக் காபி இரவுக்குள் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. ஆனால் 9 மணி டிரிங்க்கில் பாதிக்கு மேல், பதினொன்றரை டிரிங்க்கில் முக்கால் பங்கு, ஒரு மணிக் காபியில் அநேகமாக முழுவதும் உள்ளேயே இருந்தன. கணக்குப் போட்டால் ஒன்றரை மணிக்கு ஏறத்தாழ 175 மில்லிகிராம். படுக்கப்போகும் நேரத்தில் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபியை ஒரே மூச்சில் குடித்ததற்குச் சமம்.

இது இதயத்தில் என்ன செய்கிறது? உழைக்க உழைக்க நம் உடம்பில் அடினோசின் என்ற பொருள் சேரும். மூளையில் தூக்கத்தை வரவழைப்பதும், இதயத்தின் மின்னோட்டத்தை நிதானப்படுத்துவதும் அதன் வேலை. அது உட்கார வேண்டிய நாற்காலியில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கூடவே அட்ரினலின் சுரப்பும் ஏறுகிறது. தூக்கம் போகிறது, துடிப்பு வேகமெடுக்கிறது.

அந்த இருமல் மருந்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூச்சுக்குழாயை விரிக்க டெர்புடலின் அல்லது சால்பியூட்டமால் கலந்த சிரப்புகள் நம் ஊரில் தாராளமாகப் புழங்குகின்றன. இவை அட்ரினலினைப் போலவே வேலை செய்பவை. கை நடுக்கமும் படபடப்பும் இவற்றின் நன்கறிந்த பக்கவிளைவுகள். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் கஃபீனுக்கு உடன்பிறப்பு மாதிரி. போதாக்குறைக்கு, சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் கஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் வழக்கமான காபியே வழக்கத்துக்கு மீறி வேலை செய்யும். படபடப்பு என்று மருத்துவரிடம் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் சிரப் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போனால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அந்த 'தவறிய' துடிப்புக்கு வருவோம். உண்மையில் அது தவறவில்லை, முந்திக்கொண்டு வந்தது. இதயம் நிரம்புவதற்கு முன்பே வந்ததால் அதில் வலு இல்லை, நாடியில் தெரியவில்லை. அதன்பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்பிக்கொள்வதால் அடுத்த துடிப்பு உதைப்பது போல இருக்கிறது. இப்படிப்பட்ட முந்திய துடிப்புகள் ஆரோக்கியமான இதயத்திலும் தினமும் வந்துபோகின்றன. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 100 பேரைச் சில நாட்கள் காபி குடிக்கவும் சில நாட்கள் தவிர்க்கவும் சொல்லி, உடலில் கருவி ஒட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். மேலறையிலிருந்து வரும் முந்திய துடிப்புகள் காபி நாட்களில் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறையிலிருந்து வருபவை நாளுக்குச் சுமார் 100 என்பதிலிருந்து சுமார் 150 ஆகின. தூக்கம் அரைமணிக்கும் சற்று மேல் குறைந்தது. ஒரு நாளில் இதயம் அடிப்பது ஏறத்தாழ ஒரு லட்சம் முறை என்பதை நினைத்துக்கொண்டால், 150 என்ற எண் அச்சுறுத்தாது.

ஆக, மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்ல இறங்கும் வேகம், அவ்வப்போது ஓர் உதை, காரணம் சொல்லக்கூடிய பானம், குறைத்ததும் ஓரிரு நாளில் அடங்குதல், மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லாமை. இவ்வளவும் பொருந்தினால் பெரும்பாலும் தீங்கில்லை. நம் மாணவர் இந்தக் கணக்கில்தான் வருகிறார். நெடுநாளாக நிறையக் குடித்தவர் மட்டும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். தலைவலி படுத்தும், ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கலாம்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. "காபிதான் காரணம்" என்று நாமே முடிவு கட்டி, அந்தக் காபியின் பின்னால் ஒளிந்திருப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

அதே விடுதியில் அதே டிரிங்க் குடித்த இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். இவருக்கு வேகம் மெல்ல ஏறவில்லை. குனிந்து செருப்பை மாட்டி நிமிர்ந்தபோது, சுவிட்ச் போட்டது போல ஒரே நொடியில் தொடங்கியது. எண்ண முடியாத வேகம், ஆனால் தாளம் சீராக இருந்தது. கழுத்தில் பட்பட்டென்று அடித்தது. இருபது நிமிடம் கழித்து, சுவிட்ச் அணைத்தது போல நின்றது. பிறகு நிறையச் சிறுநீர் போனது. பள்ளி நாட்களிலும் இரண்டு முறை வந்ததாக, கேட்டால் நினைவுக்கு வரும். இது இதயத்தில் பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதையால் வரும் எஸ்.வி.டி. என்ற வகையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 150க்கு மேல் போகும். கஃபீன் தீக்குச்சியாக இருந்திருக்கலாம். விறகு முன்பே அங்கே இருந்தது. இவருக்கு ஈசிஜி கட்டாயம் தேவை. சிலருக்குத் துடிப்பு அடங்கியிருக்கும்போது எடுத்த ஈசிஜியிலேயே அந்தக் கூடுதல் பாதையின் அடையாளம் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், காலின் தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்திப் பாதையைச் சுட்டு, பெரும்பாலோருக்கு முழுதாகக் குணப்படுத்திவிட முடியும்.

மேசையில் கண்டபடி தட்டிக் காட்டியவருக்கும் ஈசிஜி வேண்டும். நடுவயதுக்கு மேல் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். மூளையில் ரத்தக்கட்டு அடைக்கும் ஆபத்து அதில் உண்டு. இவை தவிர, படபடப்போடு மயங்கி விழுந்தவர், ஓடும்போதோ பளு தூக்கும்போதோ படபடப்பு வந்தவர், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தவர், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர், குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாரேனும் திடீரென இறந்த வரலாறு உள்ளவர், இவர்கள் எவ்வளவு காபி குடித்தார்கள் என்ற கணக்கையே பார்க்க வேண்டாம். ஈசிஜி எடுத்தாக வேண்டும். படபடத்துக்கொண்டிருக்கும்போதே மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

குடும்பத்தில் இளவயது மரணம் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறோம்? ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்சாரத்தை மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்கிறோம். பரம்பரையாக இது நீண்டிருக்கும் சிலருக்கு, வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலேயே ஆபத்தான தாளம் தொடங்கலாம். 2019இல் அமெரிக்காவில் 34 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறக்குறைய 950 மில்லி எனர்ஜி டிரிங்க் கொடுத்துப் பார்த்தபோது, வெற்றுப் பானம் குடித்ததைவிட அவர்களுடைய க்யூடி சில மில்லிவிநாடிகள் நீண்டது. நல்ல இதயத்துக்கு அது ஒன்றுமில்லை. முன்பே நீண்டிருக்கும் இதயத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. கஃபீன் மட்டும் இதைச் செய்வதாகத் தெரியவில்லை, கூட இருக்கும் பொருட்கள் மேல்தான் சந்தேகம். ஃபில்டர் காபியையும் எனர்ஜி டிரிங்க்கையும் மில்லிகிராம் கணக்கில் சமம் என்று சொல்லத் தயங்குவது இதனால்தான். உடற்பயிற்சிக்கு முன் சாப்பிடும் பவுடர்களில் ஒரு கரண்டியிலேயே 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். அதைத் தண்ணீர்கூட ஊற்றாமல் வாயில் போட்டுக்கொண்டு எடை தூக்கப்போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கடைசியாக ஈசிஜியைப் பற்றி ஒரு வார்த்தை. அது எடுக்கப்படும் பத்து விநாடிகளை மட்டுமே பதிவு செய்யும். படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈசிஜி 'நார்மல்' என்றால், அந்தப் பத்து விநாடி நார்மல் என்றுதான் பொருள். அதனால் வாரம் ஒருமுறை வந்துபோகும் படபடப்புக்கு, நாள்கணக்கில் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டச் சொல்வார்கள். கூடவே ரத்தசோகையும் தைராய்டும் பார்ப்பார்கள். ஹோல்டரைவிட நல்லது, படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அருகில் ஈசிஜி உள்ள இடத்துக்கு, யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லிப் போய்விடுவது. போனதும் கடைசியாக எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எஸ்.வி.டி.யை நிறுத்த அவர்கள் ஊசியில் ஏற்றும் மருந்து அதே அடினோசின்தான். நாற்காலியில் கஃபீன் உட்கார்ந்திருந்தால் வழக்கமான அளவு வேலை செய்யாமல் போகலாம். பிறகு அந்த ஈசிஜித் தாளைக் கேட்டு வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் இதய மருத்துவரைப் பார்க்கும்போது உங்கள் துடிப்பு அமைதியாக இருக்கும். அவருக்கு வேண்டியது அந்தத் தாளில்தான் இருக்கும்.