வளைவின் உச்சி எங்கே?

நொதி வேகத்தைக் காட்டும் வரைபடத்தில், கோடு முடியும் உயரத்தையே பெரும வேகம் என்று பல மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் அந்த விடை தவறு.

சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதியை எடுத்துக்கொள்வோம். பெரும வேகம் 100, அதில் பாதி வேகம் கிடைக்கும் சக்சினேட் செறிவு 2 மில்லிமோலார் என வைத்துக்கொள்வோம். படம் 10 மில்லிமோலாரில் முடிந்தால், அங்கே வேகம் சுமார் 83தான். அதையே உச்சம் என்று கொண்டால் பாதி வேகத்துக்கான செறிவும் 1.4 ஆகச் சுருங்கிவிடும். ஒரு பிழை இன்னொன்றைப் பெறுகிறது.

இப்போது மலோனேட் சேர்ப்போம். வடிவில் சக்சினேட்டை ஒத்த இது, நொதியில் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறது. பாதி வேகத்துக்கு 6 மில்லிமோலார் தேவைப்படும் அளவு மலோனேட் இருந்தால், 10 மில்லிமோலாரில் வேகம் 62.5 ஆகிறது. கோடு தாழ்ந்திருப்பதைப் பார்த்து, பெரும வேகமே குறைந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். உச்சியை விட்டுவிட்டு, இரு கோடுகளின் விகிதத்தைப் பாருங்கள். 1 மில்லிமோலாரில் 33க்கு எதிராக 14, பாதிக்கும் குறைவு. 10 மில்லிமோலாரில் அது முக்கால் பங்கு. இடைவெளி விகிதத்தில் மூடிக்கொண்டே வருகிறது. 100 மில்லிமோலாரில் 98க்கு 94. சக்சினேட் பெருகப் பெருக மலோனேட் விரட்டப்படுகிறது, பெரும வேகம் மாறவில்லை. போட்டியிடாமல் வேறிடத்தில் ஒட்டும் எளிய வகைத் தடுப்பானென்றால், எல்லாச் செறிவிலும் விகிதம் ஒன்றாகவே இருந்திருக்கும்.