காலி மூட்டை சொல்லும் கணக்கு

வீடு கட்டும் இடத்தில் சிமென்ட் கொட்டகைக்கு ஒரு நோட்டு இருக்கும். முந்தைய இருப்பு, வரவு, கொடுத்தது, யாருக்கு, எந்த வேலைக்கு, கையெழுத்து, மீதி இருப்பு என்று கட்டம் போட்டிருப்பார்கள். இவற்றில் பலர் வெறுமையாக விடுவது 'எந்த வேலைக்கு' என்ற கட்டத்தைத்தான். கணக்கு இடித்தால் கைகொடுப்பதும் அதுதான்.

ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். காலையில் இருப்பு 84 மூட்டை, லாரியில் வந்தது 100, ஆக 184. தூண் கான்கிரீட்டுக்கு 12, பூச்சு வேலைக்கு 6 கொடுத்தார்கள். பூச்சு வேலையில் ஒரு மூட்டை பிரிக்காமல் திரும்பியது. நோட்டுப்படி 167 இருக்க வேண்டும். மாலையில் எண்ணினால் 165.

இரண்டு மூட்டை வெளியே போய்விட்டதா? முதலில் காலி மூட்டைகளை எண்ண வேண்டும். தூணுக்கு 12, பூச்சுக்கு 5, ஆக 17 காலி மூட்டை இருக்க வேண்டும். 19 கிடந்தால், அந்த இரண்டும் இங்கேயே பிரிக்கப்பட்டவை. அடுத்து, நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். 1:1.5:3 கலவையில் 50 கன அடி கான்கிரீட்டுக்கு 11 முதல் 12 மூட்டை ஆகும். தூண் அந்த அளவுதான் என்றால் அங்கே கூடுதல் செலவில்லை. பூச்சு மேஸ்திரியைக் கேட்டால் விடை கிடைக்கும்: டீ நேரத்தில் ஒரு கொத்தனார் இரண்டு மூட்டையை நோட்டில் எழுதாமல் எடுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பூசியிருக்கிறார். அன்றைக்கே கேட்டதால் அவருக்கு நினைவிருந்தது. சனிக்கிழமை சம்பளத்தின்போது கேட்டிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

கம்பியில் சிக்கல் வேறு. வாங்குவது எடையில், கொடுப்பது எண்ணிக்கையில். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.7 கிலோ. பத்துக் கம்பி கொடுத்து, ஒவ்வொன்றிலும் 3.5 மீட்டரில் மூன்று துண்டு வெட்டினால், கம்பிக்கு 1.5 மீட்டர் மிஞ்சும். பத்துக்கும் சேர்த்து 13 கிலோவுக்கு மேல். இந்தத் துண்டுகளைத் தனி வரியில் வரவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டில் அவை கட்டடத்துக்குள் போனதாக இருக்கும், உண்மையில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

வைப்ரேட்டர், டிரில்லிங் மிஷின், பாண்டு சட்டி போன்றவை செலவாகிப் போகும் பொருள்கள் அல்ல. அவற்றுக்குத் தனிப் பக்கம் வேண்டும். வாங்கியவர் பெயர், திரும்பிய நேரம், திரும்பியபோது இருந்த நிலை, இவை போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஓட்டை மிஞ்சும். கொடுப்பவரே எழுதி, அவரே எண்ணினால் நோட்டில் உள்ள இருப்பையே எண்ணிக்கையாகவும் எழுதிவிட முடியும். ஆகவே நோட்டைப் பார்க்காத இன்னொருவர் மூட்டைகளை எண்ணி, எண்ணிக்கையைத் தனிச் சீட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கழித்துப் பார்க்க வேண்டும்.